இந்திய நேரம், சிங்கப்பூர் நேரம்: அந்த இரண்டரை மணி நேரத்தைக் கூட்டணுமா, கழிக்கணுமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கோம். நான் சொன்ன ஃபார்முலாக்கள் எல்லாம் காப்பி பண்ணிக்கிற மாதிரி கீழே இருக்கு.)

இன்னைக்கு எபிசோட் ரொம்பச் சின்ன ஒரு கணக்கைப் பத்தி. இந்திய நேரத்தில் சொன்ன ஒரு மீட்டிங்கை சிங்கப்பூர் நேரத்துக்கு மாத்தணும். வித்தியாசம் இரண்டரை மணி நேரம். இது கூகுள்ல தட்டினாலே வந்துடும், இதுக்கு ஒரு எபிசோடான்னு கேப்பீங்க.

நம்ம கேட்கிறவர் ஒருத்தர் போன மாசம் மெயில் போட்டிருந்தார். சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. மெயிலில் `11:00 AM SGT`னு தெளிவா இருந்திருக்கு. இவருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம்னும் தெரியும். 11-ஓட இரண்டரையைக் கூட்டி, மதியம் ஒன்றரைக்கு லேப்டாப் முன்னாடி போய் உட்கார்ந்திருக்கார். லிங்க்கைத் திறந்தா உள்ளே யாரும் இல்லை. இன்டர்வியூ நம்ம நேரப்படி காலை எட்டரைக்கே முடிவாகியிருந்தது. எண் சரி, திசை தப்பு. ஐந்து மணி நேரம் லேட்.

அந்த ஐந்தை ஞாபகம் வச்சுக்கோங்க. கூட்ட வேண்டிய இடத்தில் கழிச்சா, இல்ல கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டினா, தப்பு இரண்டரை மணி நேரமா வராது. அதோட இரண்டு மடங்கு, ஐந்து மணி நேரமா வரும். ரெண்டு பேர் ஒரே மீட்டிங்குக்கு ரெண்டு நேரம் சொல்றாங்க, நடுவில் சரியா ஐந்து மணி நேரம் இருக்குன்னா, யாரோ ஒருத்தர் திசையை மாத்திப் போட்டுட்டாங்கன்னு உடனே சொல்லிடலாம்.

திசை: யாருக்கு முதல்ல விடியுது?

கூட்டணுமா கழிக்கணுமான்னு மனப்பாடம் பண்ண வேண்டாம். மேப்பை நினைச்சுக்கோங்க. சிங்கப்பூர் நமக்குக் கிழக்கே இருக்கு. சூரியன் கிழக்கே உதிக்குது. அதனால அவங்களுக்கு முதல்ல விடியும், அவங்க கடிகாரம் நம்மளை விட முன்னாடி போயிருக்கும். நாம காலை ஆறரைக்கு காபி போடும்போது அவங்களுக்கு மணி ஒன்பது, ஆபீஸ் வந்துட்டாங்க.

அதனால இந்திய நேரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போனா கூட்டணும். சிங்கப்பூர் நேரத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தா கழிக்கணும். நம்ம நண்பரோட இன்டர்வியூ நேரம் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது, அவருக்கு வேண்டியது இந்திய நேரம். 11-லிருந்து இரண்டரை போனா எட்டரை.

மனசுல கணக்குப் போடும்போது அந்த அரை மணி நேரம்தான் இடிக்கும். அதுக்கு ஒரு சுலபமான வழி, மூணு மணி நேரம் கூட்டிட்டு அரை மணி நேரம் திருப்பி எடுக்கிறது. மாலை 4:45 இந்திய நேரம்னா, மூணு கூட்டினா 7:45. அரை மணி எடுத்தா 7:15. இந்தப் பக்கம் வரும்போது மூணு கழிச்சு அரை மணி சேர்க்கணும். சிங்கப்பூர் மதியம் 1:15-ன்னா, மூணு கழிச்சா காலை 10:15, அரை மணி சேர்த்தா 10:45. கடையில் சில்லறை கொடுக்கிற மாதிரிதான், முழு நோட்டைக் கொடுத்துட்டு மீதி வாங்கிக்கிறோம்.

இரண்டரை எங்கிருந்து வருது?

உலகத்துல எல்லா ஊர் நேரத்துக்கும் பொதுவா ஒரு அளவுகோல் இருக்கு, அதுதான் யூடிசி. ஒவ்வொரு ஊரும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு ஒரு எண் வச்சிருக்கும். ஆஃப்செட்னு சொல்லுவாங்க. இந்தியாவுக்கு அது ஐந்தரை, சிங்கப்பூருக்கு எட்டு. நேர வித்தியாச ஃபார்முலா இவ்வளவுதான்:

```
சேரும் ஊர் நேரம் = கிளம்பும் ஊர் நேரம் - கிளம்பும் ஊர் ஆஃப்செட் + சேரும் ஊர் ஆஃப்செட்
```

முதல்ல கிளம்பும் ஊரின் ஆஃப்செட்டைக் கழிச்சா யூடிசிக்கு வந்துடுறோம். அப்புறம் சேரும் ஊரின் ஆஃப்செட்டைக் கூட்டினா அந்த ஊருக்குப் போயிடுறோம். இந்திய நேரம் இரவு 8 மணி, அதாவது 20:00. அதிலிருந்து ஐந்தரை போனா 14:30 யூடிசி. எட்டு கூட்டினா 22:30. சிங்கப்பூர்ல இரவு பத்தரை.

இந்த ஃபார்முலாவில் எனக்குப் பிடிச்ச விஷயம், இதில் திசையைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். கிளம்பும் ஊருடையதை எப்பவும் கழிப்போம், சேரும் ஊருடையதை எப்பவும் கூட்டுவோம். சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு வந்தாலும் அதே ஃபார்முலாதான்: 11:00-லிருந்து எட்டு போனா 3:00, ஐந்தரை கூட்டினா 8:30. கூட்டலா கழித்தலான்னு தடுமாறுறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி.

ஷீட்ல போடும்போது

ஒரு மீட்டிங்னா மனசுலயே போட்டுடலாம். ஆனா நிறைய டீம்ல ஒரு ஷீட் இருக்கும். ரிலீஸ் கால், டெஸ்டிங், டெமோன்னு முப்பது வரி. ஒரு பத்தியில் இந்திய நேரம், பக்கத்துப் பத்தியில் சிங்கப்பூர் நேரம். அங்கே ஃபார்முலாதான் போட்டாகணும்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் ரெண்டுக்கும் நேரம்ங்கிறது உள்ளுக்குள்ள ஒரு சாதாரண எண். ஒரு முழு நாளுக்கு 1. அரை நாள், அதாவது மதியம் 12 மணி, 0.5. மாலை 6 மணி 0.75. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா, ஷீட்ல வர்ற நேரக் குழப்பம் பாதி தீர்ந்துடும்.

`A2`-ல் இந்திய நேரம் இருந்தா, `B2`-ல் இதைப் போடுங்க:

```
=A2+TIME(2,30,0)
```

`TIME` உள்ளே இருக்கிறது மணி, நிமிஷம், நொடி. அதை நாளின் பின்னமா அதுவே மாத்திக்கும். `B2`-ஐ நேரமா காட்டச் சொல்லி ஃபார்மேட் மாத்தினா முடிஞ்சது.

இதில் மூணு இடத்துல சறுக்குவாங்க. மூணுக்கும் அடையாளம் தனித்தனி, பார்த்ததுமே கண்டுபிடிச்சுடலாம்.

முதல் சறுக்கல், `=A2+2.5`னு போடுறது. ஒரு நாளுக்கு 1 அப்படின்னா, 2.5-ங்கிறது இரண்டரை நாள். இரவு 8 மணியோட இரண்டரை நாள் கூட்டினா, அந்தக் கட்டத்துல காலை 8 மணின்னு காட்டும். எண் அப்படியே இருக்கும், AM மட்டும் PM ஆகும், இல்ல PM மட்டும் AM ஆகும். அப்படிப் பார்த்தீங்கன்னா மணியைக் கூட்ட நினைச்சு நாளைக் கூட்டியிருக்கீங்க. மணிக்கணக்கிலேயே எழுதணும்னா 24-ஆல் வகுக்கணும்: `=A2+2.5/24`.

இரண்டாவது, `=A2+2.30/24`. இரண்டு மணி முப்பது நிமிஷத்தை 2.30-ன்னு எழுதுற பழக்கம் நமக்கு இருக்கு. ஆனா ஷீட்டுக்கு அது 2.3 மணி நேரம், அதாவது இரண்டு மணி பதினெட்டு நிமிஷம். இரவு 8 மணிக்கு 10:18-ன்னு விடை வரும். இது ஆபத்தான தப்பு, ஏன்னா பார்க்க ஏறக்குறைய சரியா இருக்கும். விடையில 18 மாதிரி வினோதமான நிமிஷம் வந்தா சந்தேகப்படுங்க. முழு மணியில் ஆரம்பிக்கிற மீட்டிங் சிங்கப்பூர்ல எப்பவும் அரை மணியில்தான் வந்து நிக்கும். அரை மணியில் ஆரம்பிக்கிறது முழு மணியில் வந்து நிக்கும்.

மூணாவது, உள்ளீட்டிலேயே புள்ளி. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகையிலிருந்து பஸ் டைம் டேபிள் வரைக்கும் எட்டரை மணியை 8.30-ன்னுதான் எழுதுறோம். ஷீட்ல அப்படி டைப் பண்ணா அது நேரம் இல்லை, எட்டு புள்ளி மூணுங்கிற எண். எட்டு முழு நாள், அதுக்கு மேல 0.3 நாள். நேரமா ஃபார்மேட் பண்ணா `7:12 AM`னு காட்டும். இதோட இரண்டரை மணி நேரம் கூட்டினா `9:42 AM`. எங்கிருந்து இந்த 42 வந்ததுன்னு தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான். பின்னாடி PM சேர்த்து `8.30 PM`னு போட்டா, பெரும்பாலும் அது வெறும் எழுத்தாகிடும், ஃபார்முலா `#VALUE!`னு கையை விரிச்சிடும். தீர்வு ஒண்ணுதான், `8:30 PM`. புள்ளி இல்லை, முக்காற்புள்ளி.

தேதி எங்கே மாறுது?

இப்போ எல்லாரும் கோட்டை விடுற இடத்துக்கு வர்றோம்.

இந்திய நேரம் இரவு ஒன்பதரைக்கு சிங்கப்பூர்ல நள்ளிரவு 12. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல நள்ளிரவு வரைக்கும், அங்கே அடுத்த நாள் ஆரம்பிச்சிருக்கும். ஒரு நாளில் இந்த இரண்டரை மணி நேரம் மட்டும் ரெண்டு ஊர்லயும் வேற வேற தேதி. பகல் மீட்டிங்குக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனா ரிலீஸ், சர்வர் மைக்ரேஷன் மாதிரி வேலைகளை யாரும் பகல்ல வைக்க மாட்டாங்க. சரியா இந்த இரண்டரை மணி நேரத்துக்குள்ளதான் வைப்பாங்க.

ஒரு உதாரணத்தை முழுசாப் போடுவோம். 2026 டிசம்பர் 31, வியாழக்கிழமை. இந்திய நேரம் இரவு 10 மணிக்கு வருஷக் கடைசி ரிலீஸ் கால். 22:00-லிருந்து ஐந்தரை போனா 16:30. எட்டு கூட்டினா 24:30. ஒரு நாளில் 24 மணி நேரம்தான், அதனால 24-ஐ எடுத்துட்டு தேதியை ஒண்ணு ஏத்தணும். விடை 2027 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, நள்ளிரவு 12:30. நாள் மாறிச்சு, கிழமை மாறிச்சு, மாசம் மாறிச்சு, வருஷமே மாறிடுச்சு. சிங்கப்பூர்ல அன்னைக்கு அரசு விடுமுறை. நீங்க வேலை நாள்னு நினைச்சு வச்ச கால், அவங்களுக்குப் புத்தாண்டு அன்னைக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு வருது.

ஷீட்ல வெறும் நேரத்தை மட்டும் போட்டிருந்தா, அது அமைதியா `12:30 AM`னு காட்டிட்டுப் போயிடும். தேதி மாறின விஷயமே வெளியே தெரியாது. பக்கத்துல வேற ஒரு பத்தியில் 31-12-2026-ன்னு இருந்தா இன்னும் மோசம். பார்க்கிறவங்க 31-ஆம் தேதி 12:30-ன்னு படிச்சு, ஒரு நாள் முன்னாடியே வந்து உட்காருவாங்க. அதனால தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்துல சேர்த்துப் போடுங்க. `A2`-ல் `31-12-2026 22:00`. ஃபார்முலா அதேதான். `B2`-ஓட ஃபார்மேட்டை மட்டும் இப்படி மாத்துங்க:

```
ddd dd-mmm-yyyy h:mm AM/PM
```

இப்போ `Fri 01-Jan-2027 12:30 AM`னு வரும். கிழமையும் கண்ணு முன்னாடி இருக்கிறதால யாரும் ஏமாற மாட்டாங்க.

எதிர்ப் பக்கம் வரும்போது இன்னொரு சிக்கல் இருக்கு. சிங்கப்பூர் நேரம் நள்ளிரவு 1 மணி, அதை இந்திய நேரமா மாத்தணும். வெறும் நேரம் மட்டும் இருக்கிற கட்டத்துல `=A2-TIME(2,30,0)`னு போட்டா, விடை பூஜ்யத்துக்குக் கீழே போயிடும். எக்செல் அந்தக் கட்டம் முழுக்க `#####`னு நிரப்பிடும். பத்தியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் போகாது. தேதி சேர்ந்திருந்தா இந்தப் பிரச்சினை வராது. தேதி வேண்டாம், நேரம் மட்டும் போதும்னா:

```
=MOD(A2-TIME(2,30,0),1)
```

இது ஒரு நாளுக்குள்ள சுத்தி வர வைக்கும், முந்தின நாள் இரவு 10:30-ன்னு சரியான நேரம் வரும். ஆனா முந்தின நாள்ங்கிறதை நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும். `MOD` தேதியைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் விடை சொல்லுது.

இதே இடத்துல நம்ம பேச்சுத் தமிழும் காலை வாரிவிடும். நாம வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டரைன்னு சொன்னா, வியாழன் சாப்பிட்டு முடிச்சு, தூங்குறதுக்கு முன்னாடி வர்ற பன்னிரண்டரையைச் சொல்றோம். காலண்டருக்கு அது வெள்ளிக்கிழமை. விடிஞ்சாத்தான் அடுத்த நாள்னு நமக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. அதனால நள்ளிரவு மீட்டிங்கை வாயால சொல்லும்போது, "வியாழன் முடிஞ்சு வெள்ளி பிறக்கிற ராத்திரி"ன்னு ரெண்டு கிழமையையும் சேர்த்துச் சொல்லிடுங்க. ஒரு வார்த்தை கூடுதல்தான், ஒரு நாள் மிச்சம்.

இந்த இரண்டரை எப்பவும் இரண்டரைதானா?

இன்னைக்கு ஆமா. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னாடி தள்ளி வைக்கிற வழக்கம் இல்லை. அதனால ஜனவரியிலும் ஜூலையிலும் வித்தியாசம் ஒண்ணுதான். ஷீட்ல இரண்டரைன்னு நேரடியா எழுதி வைக்கலாம்.

ஆனா இது இயற்கை கொடுத்த எண் இல்லை. பூமி ஒரு மணி நேரத்துல 15 டிகிரி சுத்துது. இந்திய நேரத்துக்கு அடிப்படை, உத்தரப் பிரதேசத்துல மிர்சாபூர் பக்கமா போற 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகை. 82.5-ஐ 15-ஆல் வகுத்தா ஐந்தரை. கணக்கு கச்சிதமா பொருந்துது. சிங்கப்பூர் இருக்கிறது ஏறக்குறைய 104 டிகிரியில். 15-ஆல் வகுத்தா ஏழுக்குக் கொஞ்சம் கம்மியா வரும். சூரியனைப் பார்த்து முடிவு பண்ணியிருந்தா அவங்க ஆஃப்செட் ஏழா இருந்திருக்கணும். ஆனா எட்டுன்னு வச்சிருக்காங்க. அதனாலதான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருந்தும் சிங்கப்பூர்ல காலை ஏழு மணி வாக்கில்தான் விடியுது, சாயங்காலம் ஏழு வாக்கில்தான் இருட்டுது.

1981 கடைசி வரைக்கும் அவங்க ஆஃப்செட் ஏழரை. அப்போ மலேசியாவில் தீபகற்பப் பகுதி ஏழரையிலும், போர்னியோ தீவில் இருக்கிற சபா, சரவாக் எட்டிலும் இருந்தது. ஒரே நாட்டுக்கு ஒரே நேரம்னு மலேசியா எல்லாத்தையும் எட்டுக்கு மாத்தினப்போ, பக்கத்திலேயே இருக்கிற சிங்கப்பூரும் கூடவே மாறிச்சு. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. 1982 புத்தாண்டு அவங்களுக்கு அரை மணி நேரம் சீக்கிரமே பிறந்துடுச்சு.

அப்படின்னா 1981-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் சரியா இரண்டு மணி நேரம்தான். இன்னைக்கு நாம போடுற `TIME(2,30,0)` அந்த வருஷத்துக்குத் தப்பு.

பழைய மீட்டிங்கை யார் மாத்தப் போறாங்கன்னு கேக்கலாம். விஷயம் அதில்லை. ஷீட்ல எழுதின இரண்டரைக்கு ஊர் பேரும் தெரியாது, வருஷமும் தெரியாது. அது வெறும் எண். ஊர் பேரைச் சொன்னா, சரியான எண்ணை அதுவே எடுத்துக்கிற முறை ப்ரோக்ராமிங்ல இருக்கு. ஒவ்வொரு ஊரும் எப்பெப்போ கடிகாரத்தை மாத்திச்சுன்னு பதிவு பண்ணி வச்சிருக்கிற டேட்டாபேஸ் ஒண்ணு நம்ம போன், லேப்டாப், சர்வர்ல பெரும்பாலும் இருக்கு. பைத்தான்ல இப்படிக் கேக்கலாம், விண்டோஸ்னா முதல்ல `pip install tzdata` போட்டுக்கோங்க:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

ind = ZoneInfo("Asia/Kolkata")
sg = ZoneInfo("Asia/Singapore")

print(datetime(2026, 12, 31, 22, 0, tzinfo=ind).astimezone(sg))
print(datetime(1981, 6, 15, 20, 0, tzinfo=ind).astimezone(sg))
```

முதல் வரிக்கு `2027-01-01 00:30:00+08:00`னு வரும், நாம கையால போட்ட அதே விடை. இரண்டாவது வரிக்கு `1981-06-15 22:00:00+07:30`. இரவு 8 மணிக்கு இரண்டு மணி நேரம்தான் கூட்டியிருக்கு. நம்ம கோடுல இரண்டரைங்கிற எண் எங்கேயுமே இல்லைங்கிறதைக் கவனிங்க.

சரி, எப்போ ஷீட் ஃபார்முலா போதும், எப்போ இது வேணும்? இந்தியா, சிங்கப்பூர் ரெண்டு மட்டும்னா ஃபார்முலா தாராளமா போதும். மூணாவதா லண்டன்காரங்க கூட்டத்துல சேர்ந்தா கதை மாறிடும். அவங்க வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாத்துவாங்க. லண்டன் நேரம் மதியம் 2 மணிக்கு வாராவாரம் மீட்டிங்னு வச்சுக்கோங்க. குளிர்காலத்துல அது நமக்கு இரவு ஏழரை, சிங்கப்பூருக்கு இரவு 10. மார்ச் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் அதே மீட்டிங் நமக்கு மாலை ஆறரை, சிங்கப்பூருக்கு இரவு 9. நமக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இரண்டரை அப்படியேதான் இருக்கு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கோம். இந்த மாதிரி மீட்டிங்குக்கு ஷீட்ல எண்ணை எழுதி வைக்காதீங்க. காலண்டர்ல லண்டன் டைம் ஸோன்ல போட்டு விட்டுடுங்க, மீதியை அது பார்த்துக்கும்.

நேரத்தை எப்படி எழுதி அனுப்பறது?

கணக்கு சரியா இருந்தும் மெசேஜ்ல கோட்டை விடலாம். "நாளைக்கு 4 மணிக்கு கால்"னு வாட்ஸ்அப்ல போட்டா, படிக்கிறவர் அவர் ஊர் நாலு மணின்னுதான் எடுத்துப்பார். `IST`னு மூணு எழுத்து சேர்த்தாலும் முழுசா தீராது. அயர்லாந்துக்காரங்களும் இஸ்ரேல்காரங்களும் அவங்க நேரத்துக்கு அதே மூணு எழுத்தைத்தான் பயன்படுத்துறாங்க. சிங்கப்பூரை `SST`னு எழுதினா, பசிபிக் கடல்ல இருக்கிற அமெரிக்க சமோவாவின் நேரத்துக்கும் அதே பேர்தான். `SGT`ன்னே எழுதுங்க. நான் சொல்ற முறை, கிழமையோட ரெண்டு நேரத்தையும் போடுறது:

```
Thu 31 Dec, 10:00 PM India (UTC+5:30)
Fri 01 Jan, 12:30 AM Singapore (UTC+8)
```

ரெண்டு வரி இருந்தா இன்னொரு லாபமும் இருக்கு. நீங்க கணக்குல தப்பு பண்ணியிருந்தாக்கூட, படிக்கிறவர் ரெண்டு வரிக்கும் நடுவில் இரண்டரை இருக்கான்னு பார்த்துக் கண்டுபிடிச்சிடுவார். ஒரே ஒரு நேரத்தை எழுதினா, அது தப்புன்னு கண்டுபிடிக்க யாருக்குமே வழியில்லை.

அந்த நேரத்தை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, மாத்தின நேரத்தைப் படிச்சுப் பாருங்க. சென்னை ஆபீஸ்ல மாலை 6 மணி ஸ்டாண்ட்-அப்ங்கிறது நமக்கு டீ குடிச்சுட்டு வந்து உட்கார்ற நேரம். சிங்கப்பூர்ல அது இரவு எட்டரை. அங்கே இருக்கிற அக்கா குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிட்டே ஒரு காதுல நம்ம டிக்கெட் நம்பரைக் கேட்டுட்டு இருப்பாங்க. அவங்க பகல் 12 மணிக்குச் சாப்பிடப் போறது நமக்கு ஒன்பதரை. நாம ஒரு மணிக்குச் சாப்பிடப் போறது அவங்களுக்கு மூன்றரை. அவங்க ஆபீஸ் மாலை 6 மணிக்கு முடியுதுன்னா நமக்கு மூன்றரை. இதையெல்லாம் ஓரமா வச்சா, யாரோட சாப்பாடும் யாரோட வீட்டு நேரமும் கெடாம மிச்சம் இருக்கிறது இந்திய நேரம் காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரைக்கும், அப்புறம் இரண்டிலிருந்து மூன்றரை வரைக்கும். மொத்தம் நாலு மணி நேரம். தினசரி மீட்டிங்கை அதுக்குள்ள வைங்க.

இன்டர்வியூ போட்ட நண்பர் என்ன ஆனார்னு கமெண்ட்ல கேப்பீங்க. அவர் அன்னைக்கே மெயில் போட்டு நடந்ததைச் சொல்லியிருக்கார். அவங்க வேற ஒரு நாள் கொடுத்திருக்காங்க, மறுபடியும் `11:00 AM SGT`. பதில் மெயில்ல இவர் "இந்திய நேரம் காலை 8:30, சரிதானே?"ன்னு ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கார். அந்த ஒரு வரி போதும்.

இதுல கேள்வி இருந்தா, நேரத்தோட உங்க ஊர் பேரையும் சேர்த்து எழுதி அனுப்புங்க.